வங்கிச் செய்திகள் வந்தன, வீட்டுக்காரரின் செய்திகள் பாதி எங்கே?

கேள்வி: ஐயா, புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். பழைய போனிலிருந்து ஒரு இலவச பேக்கப் செயலி மூலம் மெசேஜ்களை எடுத்துப் புதியதில் ஏற்றினேன். 2,317 செய்திகள் என்று காட்டியது. வங்கி, கேஸ், மின்வாரியம் எல்லாம் சரியாக வந்துவிட்டன. ஆனால் வாடகை வாங்கும் வீட்டுக்காரருடன் பேசியதில் பாதிதான் இருக்கிறது. அவர் அனுப்பிய சுவர்ப் படங்களும், அட்வான்ஸைத் திருப்பித் தருவதாக எழுதியதும் காணவில்லை. அவர் வாட்ஸ்ஆப் வைத்துக்கொள்ளாதவர். இரண்டு போனிலும் கூகுள் மெசேஜஸ்தான். பழைய போன் இன்னும் கையில் இருக்கிறது. அதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். காணாமல் போனவை பெரும்பாலும் அந்தப் போனிலேயே பத்திரமாக இருக்கும். நீங்கள் எடுத்த பேக்கப்பில்தான் அவை ஏறவில்லை. பழைய போனை ரீசெட் செய்யாமலும், அதிலுள்ள மெசேஜஸ் செயலியின் தரவை அழிக்காமலும் அப்படியே வைத்திருங்கள். சிம்மைப் புதுப் போனுக்கு மாற்றிவிட்டதால் பழைய செய்திகள் அழிந்துவிடாது. அவை சிம்மில் இல்லை, போனின் நினைவகத்தில் இருக்கின்றன.

ஒரே உரையாடலில் பாதி மட்டும் விடுபட்டதற்குக் காரணம், அந்த உரையாடலில் இரண்டு வகைச் செய்திகள் கலந்திருப்பதே. ஒன்று சாதாரண எஸ்எம்எஸ், மற்றது இணையம் வழியாகச் செல்லும் ஆர்சிஎஸ். உங்கள் இருவர் போனிலும் ஆர்சிஎஸ் இயங்கி, இணையமும் இருந்தால் செயலி தானாகவே ஆர்சிஎஸ் வழியைத் தேர்ந்தெடுக்கும். வீட்டுக்காரர் டேட்டாவை அணைத்துவைத்த நேரத்தில் எஸ்எம்எஸ்ஸாக மாற்றி அனுப்பும். எழுதும் பெட்டியில் மங்கலாகத் தெரியும் சொல்தான் வெளியே தெரியும் முதல் அடையாளம்: “RCS message” என்று இருந்தால் ஒன்று, “Text message” என்று இருந்தால் மற்றொன்று. பழைய போனில் காணாமல் போன ஒரு செய்தியை அழுத்திப் பிடித்து, மூன்று புள்ளிப் பட்டியலில் “View details” என்பதைத் தட்டினால் அதன் வகை தெரியும். விடுபட்டவற்றில் நான்கைந்தை இப்படிப் பார்த்தால், அத்தனையும் ஆர்சிஎஸ்ஸாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

இரண்டும் அனுப்பப்படும் விதமே வேறு. எஸ்எம்எஸ் தொலைபேசி நிறுவனத்தின் குரல் வலையமைப்போடு ஒட்டிப் பிறந்தது. ஒரு செய்திக்கு 140 பைட்டுகள்தான் இடம். ஆங்கிலத்தில் அது 160 எழுத்து, தமிழில் 70 குறியீடுகள். “மார்ச் மாத வாடகை அனுப்பிவிட்டேன்” என்பது நம் கண்ணுக்கு 16 எழுத்தும் 3 இடைவெளியும்தான். ஆனால் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 32 குறியீடுகளை விழுங்கிவிடுகிறது. இந்த வழியில் படத்துக்கு இடமே கிடையாது. ஆர்சிஎஸ் இணையம் வழியாகச் செல்வதால் இந்தக் கணக்கு அதற்கு இல்லை. படமும் காணொளியும் செல்லும், படித்ததற்கான அடையாளமும் வரும். இருவரும் கூகுள் மெசேஜஸ் வைத்திருந்தால், 2021 முதல் இருவருக்கிடையிலான ஆர்சிஎஸ் உரையாடல் முனைக்கு முனை பூட்டப்பட்டே செல்கிறது; அனுப்பும் பொத்தானில் தெரியும் சிறிய பூட்டுப்படம் அதைத்தான் குறிக்கிறது.

பேக்கப்புக்கு முக்கியம், இவை போனுக்குள் எங்கே வைக்கப்படுகின்றன என்பதுதான். எஸ்எம்எஸ், தொலைபேசி நிறுவனம் வழியாகப் படம் அனுப்பும் எம்எம்எஸ் இரண்டுக்கும் ஆண்ட்ராய்டே ஒரு பொதுவான அலமாரி வைத்திருக்கிறது. நீங்கள் அனுமதி கொடுத்தால் எந்தச் செயலியும் அதைப் படிக்கலாம். ஆகவேதான் ஊர்பேர் தெரியாத இலவசச் செயலியால்கூட உங்கள் வங்கிச் செய்திகளை ஒன்றுவிடாமல் எடுக்க முடிந்தது. ஆர்சிஎஸ்ஸுக்கு அப்படி ஒரு பொது இடத்தை ஆண்ட்ராய்டு வகுத்துத் தரவில்லை. கூகுள் மெசேஜஸ் தன் முழுப் பதிவையும் தனக்கே உரிய கிடங்கில் வைத்துக்கொள்கிறது; அதில் பிற செயலிகள் கைவைக்க முடியாது. ஆனால் ஆர்சிஎஸ் செய்திகளின் நகலை எம்எம்எஸ் உருவில் பொது அலமாரியிலும் எழுதிவைக்கும் வழக்கம் அதற்கு உண்டு. உங்களைக் காப்பாற்றப்போவது இந்த நகல்தான். வேறு சில தயாரிப்பாளர்களின் சொந்த மெசேஜ் செயலிகளில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

இப்போது உங்கள் 2,317-க்கு வருவோம். பேக்கப் செயலிகளில் எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு தேர்வும், எம்எம்எஸ்ஸுக்கும் இணைப்புகளுக்கும் தனித் தேர்வும் இருப்பது வழக்கம். கோப்பு பெரிதாகிறது என்று பலர் இரண்டாவதை எடுத்துவிடுவார்கள். நம் ஊரில் எம்எம்எஸ்ஸை யார் அனுப்புகிறார்கள் என்ற எண்ணம் வேறு. உங்களுக்கும் அதுவே நடந்திருக்கும் என்பது என் ஊகம். சரிபார்ப்பது எளிது. இவ்வகைச் செயலிகளில் பல எக்ஸ்எம்எல் கோப்பாகவே பேக்கப்பைத் தருகின்றன. அதைக் கணினியில் ஓர் எளிய எழுத்துத் தொகுப்பானில் திறந்து, கீழ்க்காணும் இரண்டையும், இறுதியில் உள்ள இடைவெளியோடு சேர்த்து, தனித்தனியே தேடிப் பாருங்கள்.

```
<sms 
<mms 
```

முதலாவது 2,317 இடங்களில் அகப்பட்டு, இரண்டாவது ஓர் இடத்தில்கூட அகப்படாவிட்டால் நோய் உறுதி. இரண்டாவதும் அகப்பட்டு, படம் மட்டும் இல்லையென்றால் இணைப்புகளுக்கான தேர்வு விடுபட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

மீண்டும் பேக்கப் எடுப்பதற்குமுன் பழைய போனில் ஒரு வேலை இருக்கிறது. அதை வைஃபையில் இணைத்து, வீட்டுக்காரரின் உரையாடலைத் தொடக்கம்வரை மேலே நகர்த்திச் சென்று, ஒவ்வொரு படத்தையும் தட்டிப் பாருங்கள். ஆர்சிஎஸ்ஸில் படம் முதலில் சர்வரில் ஏற்றப்பட்டு, பெறுபவர் அங்கிருந்து இறக்கிக்கொள்கிறார். அமைப்புகளில் தானியங்கி இறக்கம் அணைக்கப்பட்டிருந்தால், நீங்கள் பார்ப்பது மங்கலான சிறுபடம் மட்டுமாக இருக்கலாம். அது சர்வரில் என்றென்றும் காத்திருக்காது. காலம் கடந்துவிட்ட படத்தை வீட்டுக்காரரிடமே திரும்பக் கேட்டுத்தான் பெற வேண்டும். இறங்கியவற்றை உடனே கேலரியிலும் சேமியுங்கள். படங்களைப் பொறுத்தவரை எந்த பேக்கப் செயலியையும்விட இதையே நான் நம்புவேன்.

பிறகு பேக்கப் செயலியில் எம்எம்எஸ், இணைப்புகள் இரண்டையும் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட உரையாடலை மட்டும் எடுக்கும் வசதி இருந்தால் வீட்டுக்காரரின் எண்ணை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோப்பைத் திறந்து `<mms ` இருக்கிறதா என்று பார்த்தபின் புதுப் போனுக்கு மாற்றுங்கள். மீட்கும்போது அந்தச் செயலி தன்னை இயல்பு மெசேஜ் செயலியாக்கச் சொல்லும். இது சந்தேகப்பட வேண்டிய ஒன்றல்ல: 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல், இயல்புச் செயலிக்கு மட்டுமே பொது அலமாரியில் எழுதும் உரிமை உண்டு. ஆனால் வேலை முடிந்ததும் கூகுள் மெசேஜஸை மறுபடி இயல்பாக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் ஆர்சிஎஸ் நின்றுவிடும். மாற்றியபின் அமைப்புகளில் “RCS chats” பகுதியைத் திறந்து, “Connected” என்று வருகிறதா என்று பாருங்கள்.

இப்படித் திரும்பி வருபவை ஆர்சிஎஸ்ஸாக வருவதில்லை என்பதையும் அறிந்துவைக்க வேண்டும். சொற்களும் படங்களும் தேதியும் எம்எம்எஸ் உருவில் வந்து அமரும். பூட்டுப்படம், படித்த அடையாளம், ஒரு செய்திக்கு இட்ட சிரிப்பு முகம் போன்றவற்றை எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுக்காரர் எழுதிய வாசகம் வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை. அதற்கு இது போதும்.

கூகுள் கணக்கில் தானாக நடக்கும் பேக்கப் இருக்கிறதே என்று கேட்கலாம். அமைப்புகளில் கூகுள் பகுதியில் “Backup” என்பதைத் திறந்தால் செய்திகளுக்கான வரியும் கடைசியாக எடுத்த நேரமும் தெரியும். அது போனை சார்ஜரில் போட்டு, வைஃபையில் இணைத்து, சிறிது நேரம் தொடாமல் வைத்திருக்கும்போது தானாக நடக்கும்; அவசரமென்றால் “Back up now” உண்டு. ஆனால் அதிலிருந்து மீட்பது புதுப் போனை முதன்முதலில் தொடங்கும் வேளையில் நடக்க வேண்டிய காரியம். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டதால், அந்த வழிக்குப் புதுப் போனை முழுவதுமாக அழித்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். மீட்கும்போது பழைய போனின் திரைப்பூட்டு எண்ணும் தேவைப்படும். ஓர் உரையாடலுக்காக இவ்வளவு செய்வது வீண் என்பேன். பழைய போனை 57 நாள் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் அந்த பேக்கப்பே நீக்கப்படக்கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கூகுளிடமோ சிம் நிறுவனத்திடமோ கேட்டு வாங்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். பூட்டிச் செல்லும் செய்தியின் சாவி இரு போன்களில்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் சர்வரால் அதைத் திறந்து உங்களுக்குத் தர முடியாது. கணினியில் messages.google.com/web முகவரியில் தெரிவதும் தனி நகல் அல்ல. போனில் இருப்பதை எட்டிப் பார்க்கும் சன்னல்தான். ஆயினும் சிம் இல்லாத பழைய போனை வைஃபையில் வைத்து இப்படி இணைக்க முடிந்தால், அந்த உரையாடலைப் பெரிய திரையில் திறந்து பகுதி பகுதியாகப் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம். இணையவில்லை என்றால் திரைப்பிடிப்புகளே போதும்.

அட்வான்ஸ் விவகாரம் வழக்குவரை போகக்கூடும் என்ற எண்ணம் இருந்தால், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவே வேண்டாம். நம் நாட்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் ஒன்றையும் கேட்கிறது. செய்தி முதலில் வந்து சேர்ந்த கருவி கையில் இருப்பது அப்போது உதவும். எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடிக்கும் அட்வான்ஸ் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒன்றும் வராது என்று உறுதியாகத் தெரிந்தால், பழைய போனில் பூட்டுப்படத்துடன் தெரியும் ஒரு செய்தி, ஒரு சுவர்ப் படம், அட்வான்ஸ் பற்றிய அந்த வாசகம் ஆகிய மூன்றையும் புதுப் போனில் தேடி எடுத்து, தேதியோடு பொருத்திப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் பழைய போனை அழித்துக் கொடுத்துவிடலாம்.