இரண்டு வேலையும் ஒரே தட்டில் நிற்கவில்லை

“என் கதையில் வருவது ஒரு சங்கரன்கோவில் பெண். ஊரிலேயே அங்கன்வாடிப் பணியாளர் வேலை, ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் ஃபேக்டரி வேலை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் முடிவு சப்பென்று இருக்கிறது.”

முடிவை விடுங்கள், நடுப்பகுதியைத் திருத்துங்கள். ஃபேக்டரிக்குப் போனால் எதை இழப்பாள் என்பது கதையில் எங்குமே இல்லை.

சம்பளத்தை மட்டும் வைத்து அவளை யோசிக்க விட்டதுதான் காரணமாக இருக்கும். அங்கன்வாடியில் ஆரம்பத்தில் கிடைப்பது தொகுப்பூதியம், தொகை குறைவு. ஆனால் அந்த வேலைக்கு உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். வெளியூரில் கல்யாணமானால் அது கைவிட்டுப் போகலாம். ஃபேக்டரியில் ஹாஸ்டல், கம்பெனி பஸ், மாறி மாறி வரும் ஷிஃப்ட். பணம் கூடுதல், ஆனால் ஒப்பந்த வேலை என்றால் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வரவேண்டியிருக்கும்.

இப்போது ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். தென்காசியிலிருந்து வரன் வருகிறது. “வேலையை மாத்திக்கலாம்ல?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்கிறார். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. அவள்தான் சொல்ல வேண்டும். எனக்கு இந்த இடம்தான் கதை.

அப்புறம் ஒரு சோதனை: கடைசிப் பக்கத்தில் இரண்டு வேலைகளின் பெயரையும் இடம் மாற்றுங்கள். மற்ற வரிகள் அப்படியே பொருந்தினால் அவள் இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

ஒன்று மட்டும் கவனம். அங்கன்வாடிப் பணி அரசு அறிவிப்பு, விண்ணப்பம், நேர்காணல் என்று வருவது. நியமன ஆணை தாமதமாகலாம், ஃபேக்டரி காத்திருக்காது. தேதிகளை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.