ஷூவின் பிரதிபலிப்பு தரையோடு ஒட்ட வேண்டுமென்றால்

போட்டோஷாப்பில் ஷூவுக்குக் கீழே கண்ணாடித் தரை மாதிரி பிரதிபலிப்பு வைத்தேன். முன்பக்கம் ஒட்டுகிறது, குதிகால் மட்டும் மிதக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

உங்கள் ஷூ கொஞ்சம் திரும்பி நிற்கிறது, அதுதான் காரணம். நேர் பக்கவாட்டில் எடுத்த படத்தில் குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் தரையைத் தொடும். திரும்பிய ஷூவில் பின்னால் போகும் குதிகால் படத்தில் மேலே ஏறிவிடும். முன்பாதத்தைவிட அது 60 பிக்சல் மேலே இருக்கிறது என்று வையுங்கள். தலைகீழ் நகலில் அதே குதிகால் 60 பிக்சல் கீழே இறங்கும். ஆக, இடைவெளி 120 பிக்சல்.

பின்னணி நீக்கிய ஷூ லேயரை Ctrl+J கொடுத்து நகலெடுங்கள். நகலை ஷூவுக்குக் கீழ் லேயராக வைத்து, Edit > Transform > Flip Vertical கொடுங்கள். 180 டிகிரி சுழற்றக் கூடாது, இடவலமும் மாறிவிடும். ஷூவில் இது உடனே தெரிந்துவிடும். பாட்டிலில் லேபிளைப் படித்தால்தான் தெரியும்.

முன்பாதத்தை ஒட்டவைத்துவிட்டு, Edit > Transform > Skew எடுத்து, குதிகால் பக்கத்து நடுப்பிடியை நேர்மேலாக இழுங்கள். இரண்டு குதிகாலும் தொட்டதும் நிறுத்திவிடலாம். ஷூவின் நுனி இயல்பாகவே கொஞ்சம் தூக்கி இருக்கும். அங்கே தெரியும் இடைவெளி நிஜமானது, அதை மூடிவிடாதீர்கள். பாட்டிலென்றால் அடிப்பகுதி வளைவாக இருப்பதால் நடுவில் ஒட்டி ஓரங்களில் பிரியும். அதற்கு Skew உதவாது, Warp-இல் Arch எடுத்து வளைக்க வேண்டும்.

அப்புறம்தான் மாஸ்க். முதலிலேயே போட்டால் Skew செய்யும்போது அதுவும் சேர்ந்து சாய்ந்துவிடும். தரையைத் தொடும் இடத்தில் வெள்ளை, ஷூ உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே போனதும் கறுப்பு என்று கிரேடியன்ட் இழுங்கள். லேயரின் ஒப்பாசிட்டியை 35 சதவீதம் அளவில் வைத்துப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

மங்கலை எல்லா இடத்திலும் ஒரே அளவில் போட்டால்தான் பலருக்குப் படம் போலியாகத் தெரிகிறது. பளபளப்பான தரையில் தொடும் இடம் கூர்மையாகவும், விலகிப் போகப் போக மங்கலாகவும் இருக்கும். லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றி, Gaussian Blur 3 அல்லது 4 பிக்சல் கொடுங்கள் (2000 பிக்சல் அகலப் படத்துக்கு இது போதும்). பிறகு ஸ்மார்ட் ஃபில்டருக்கு உள்ள மாஸ்க்கில், தொடும் இடம் கறுப்பாக இருக்கும்படி இன்னொரு கிரேடியன்ட் இழுத்துவிடுங்கள்.

நன்றாக மேலே இருந்து எடுத்த படத்துக்கு இது ஒத்துவராது. கால் நுழைக்கும் வாய் உங்களுக்குத் தெரியலாம், ஆனால் நிஜத் தரையின் பிரதிபலிப்பில் தெரியாது; திருப்பிய நகலிலோ அது அப்படியே இருக்கும். கொஞ்சமாகத் தெரிந்தால் கிரேடியன்ட் மறைத்துவிடும். அதிகமென்றால் கேமராவை இறக்கி மறுபடி எடுப்பதுதான் சரி.