விற்பவர் வீட்டில் அரை மணி நேரம்: பழைய ஆர்டிஎக்ஸ் 3080-ஐச் சோதிப்பது எப்படி

கேள்வி: கேரோசலில் ஒருவர் ஆர்டிஎக்ஸ் 3080 விற்கிறார். மைனிங்கில் ஓடியதா என்று கேட்டால் "கேமிங் மட்டும்தான்" என்கிறார். வீட்டுக்கு வந்தால் ஓட்டிக் காட்டுவாராம். ஃபர்மார்க் போட்டு வெப்பம் எண்பதுக்குக் கீழே இருந்தால் வாங்கிவிடலாமா?

பதில்:

அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் எண்பது என்பது சிப்பின் வெப்பம். மைனிங்கில் ஓடிய 3080-இல் பெரும்பாலும் நன்றாக இருக்கும் பகுதியே அந்தச் சிப்புதான். எத்தேரியம் மைனிங்குக்கு வேண்டியது நினைவகத்தின் வேகம். அதனால் மைனிங் செய்தவர்கள் சிப்பின் மின்சாரத்தைக் குறைத்து வைத்துவிட்டு நினைவகத்தை முடுக்கி, இரவு பகலாக ஓட விட்டார்கள். 2022 செப்டம்பரில் எத்தேரியம் அந்த முறையைக் கைவிட்டதும் ஏராளமான கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. அப்படி ஓடிய கார்டில் தேய்ந்திருக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, நினைவகச் சில்லுகளின் வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேட். இன்னொன்று விசிறி. விற்பவர் சொல்வது உண்மையா என்று வாதாட வேண்டியதில்லை, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

போவதற்கு முன்பே இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். நீங்கள் வரும்போது கணினி அணைந்திருக்க வேண்டும். அறையில் ஏர்கான் ஓடுகிறதா என்பதும் தெரிய வேண்டும். ஒரு யுஎஸ்பி குச்சியில் HWiNFO64, FurMark, MSI Afterburner, memtest_vulkan நான்கையும் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எல்லாமே இலவசம்.

கணினியைத் தொடங்கியதும் முதல் வேலை, கார்டு தன் முழு மின்சாரத்தில் ஓட விடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை எழுபது சதவீதத்துக்கு இழுத்து வைத்தால் எந்தக் கார்டும் குளுகுளுவென்றுதான் தெரியும். ஏமாற்றத்தான் வைத்திருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் வெக்கைக்குப் பலர் எப்போதும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆஃப்டர்பர்னரில் ரீசெட் பட்டனை அழுத்திவிட்டு, கமாண்ட் பிராம்ப்டில் இதைத் தட்டுங்கள்:

```
nvidia-smi -q -d POWER
```

அதில் Default Power Limit என்ற வரியும் இப்போது நடப்பில் உள்ள வரம்பும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். என்விடியாவின் சொந்த 3080-க்கு அது 320 வாட். மற்ற நிறுவனங்களின் கார்டுகளில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

அடுத்து HWiNFO64-ஐத் திறந்து மூன்று வரிகளை மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்: GPU Temperature, GPU Hot Spot Temperature, GPU Memory Junction Temperature. முதலாவது சிப்பின் பொதுவான வெப்பம். இரண்டாவது அதே சிப்பில் மிகச் சூடான புள்ளி. மூன்றாவது நினைவகத்துக்கு உள்ளே இருக்கும் வெப்பம். 3080-இல் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் என்பதால் இந்த மூன்றாவது வரி தெரியும். சாதாரண ஜிடிடிஆர்6 உள்ள 3070-இல் அது தெரியாது.

ஃபர்மார்க்கைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். முதல் சில நிமிடங்களில் ஏறும் எண்களை விட்டுவிடலாம். ஏற்றம் நின்ற பிறகு பாருங்கள். சிப்புக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் பத்து முதல் பதினைந்து டிகிரி இடைவெளி இருப்பது இயல்பு. இருபதைத் தாண்டினால் சிப்பின் மேலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது ஓரங்களுக்கு ஒதுங்கியிருக்கலாம். சிப் எழுபதுதான் காட்டுகிறது, ஆனால் ஹாட் ஸ்பாட் தொண்ணூற்றைந்து என்றால், அந்த எழுபதைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. டெஸ்ட் தொடங்கிய சில நொடிகளிலேயே ஹாட் ஸ்பாட் தொண்ணூறுக்குத் தாவுவதும் இதே குறைதான்.

பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஃபர்மார்க் சிப்பைத்தான் வாட்டும், நினைவகத்தை மைனிங் அளவுக்கு வருத்தாது. அதனால் அதை மூடிவிட்டு memtest_vulkan-ஐ ஓட்டுங்கள். அது நினைவகத்தில் எழுதிப் படித்து ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் சிறிய நிரல். பிழை இருந்தால் திரையில் சொல்லிவிடும், நினைவகத்தையும் நன்றாகச் சூடாக்கும். ஒரே ஒரு பிழை வந்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஃபர்மார்க்கில் கட்டம் கட்டமாக நிறம் சிதறினாலும், திரை கறுத்து மீண்டு வந்தாலும் அப்படியே. பேஸ்ட் மாற்றிச் சரிசெய்யும் விவகாரம் இல்லை இது.

நினைவகத்துக்கு 110 டிகிரிதான் கூரை. அதைத் தொட்டதும் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இங்குதான் ஏர்கான் முக்கியமாகிறது. அறையின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் கார்டின் வெப்பமும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். விசிறி வேகமெடுத்து அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும், அவ்வளவுதான். அவர் வீட்டில் 24 டிகிரி ஏர்கானில் 104 காட்டும் நினைவகம், மதியம் ஜன்னலைத் திறந்து வைத்து விளையாடும் உங்கள் வீவக அறையில் 110-ஐத் தொட்டுவிடும். ஏர்கானில் தொண்ணூற்றைந்துக்குள் இருந்தால் எனக்குக் கவலையில்லை. நூற்றைத் தாண்டினால் தெர்மல் பேட் மாற்ற வேண்டும் என்று கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

என் மைத்துனருக்காக ஹவ்காங்கில் ஒரு 3080-ஐப் பார்க்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். விற்றவர் ஒரு தமிழர், என்னைவிட மூத்தவர், மரியாதையாகப் பேசினார். அறையில் ஏர்கான் 24-இல் ஓடிக்கொண்டிருந்தது. ஃபர்மார்க்கில் சிப் 70, ஹாட் ஸ்பாட் 83, நினைவகம் 96. அருமையான கார்டு என்றுதான் தோன்றும். memtest_vulkan ஓட்டியதும் கதை மாறியது. சிப் அறுபதுக்கு இறங்கியது, நினைவகமோ 106-க்கு ஏறியது. பிழை எதுவும் வரவில்லை. "அண்ணே, ஏர்கானைக் கொஞ்ச நேரம் அணைக்கலாமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ரிமோட்டை எடுத்தார். அறை 29-ஐ நெருங்கியபோது நினைவகம் 110-இல் போய் ஒட்டிக்கொண்டது. HWiNFO64-இல் Performance Limit - Thermal என்ற வரி Yes என்று மாறியது. ஹாட் ஸ்பாட் இடைவெளி வெறும் 13 என்பதால் பேஸ்ட் நலம். நினைவகம் மட்டும் கொதிக்கிறது என்பதால் தெர்மல் பேட் போய்விட்டது. மைனிங்கில் ஓடிய கார்டு எப்படி இருக்கும் என்று எதிர்பார்ப்போமோ, அப்படியே இருந்தது.

விசிறிக்கு வருகிறேன். பெரும்பாலான கார்டுகளில் வெப்பம் குறைவாக இருக்கும்போது விசிறி முழுவதும் நின்றுவிடும், அது கோளாறு இல்லை. ஃபர்மார்க்கை முதலில் ஓட விட்டதும், ஐம்பது அறுபது டிகிரியில் அது எப்படிக் கிளம்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கணினி அணைந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், சூடான கார்டில் இந்தக் கிளம்பலைப் பார்க்க முடியாது. கேஸின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றச் சொல்லிவிட்டுக் குனிந்து பாருங்கள். நல்ல விசிறி சத்தமில்லாமல் சுழலத் தொடங்கும். பேரிங் தேய்ந்தது இரண்டு மூன்று முறை துடித்துவிட்டுத்தான் சுழலும். ஹவ்காங் கார்டில் நடு விசிறி அப்படித்தான் துடித்தது.

பிறகு ஆஃப்டர்பர்னரில் வேகத்தை 30 சதவீதத்தில் தொடங்கி 50, 75, 100 என்று ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று கேளுங்கள். டிக் டிக் என்ற சத்தம் குறைந்த வேகத்தில்தான் தெளிவாகக் கேட்கும். நூறில் காற்றின் இரைச்சல் அதை மூடிவிடும். HWiNFO64-இல் விசிறிகளின் சுழற்சி எண்ணிக்கையும் தெரியும். ஒரே அளவு விசிறிகள் ஒரே சதவீதத்தில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அன்று ஒன்று 2,900, நடுவில் இருந்தது 2,400. சில மூன்று விசிறிக் கார்டுகளில் இரண்டு எண்கள்தான் தெரியும், ஏனென்றால் இரண்டு விசிறிகள் ஒரே இணைப்பில் ஓடும். அங்கே கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

கீச்சென்று மெலிதாக ஒரு சத்தம் வந்தால் உடனே விசிறியைக் குறை சொல்லாதீர்கள். விசிறி வேகத்தை மாற்றியும் அந்தச் சத்தம் மாறவில்லை, ஆனால் விளையாட்டின் காட்சி வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் அது காயில் வைன். காதுக்கு எரிச்சல், கார்டுக்கு ஆபத்தில்லை.

இன்னொரு சின்ன வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை. விற்பவர் தினமும் பயன்படுத்தும் கணினியிலேயே கார்டு இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் System பதிவைத் திறந்து nvlddmkm என்று தேடுங்கள். அது என்விடியா டிரைவரின் பெயர். ஓரிரண்டு பதிவுகள் எல்லோர் கணினியிலும் இருக்கும். வாரம் தவறாமல் வரிசையாக இருந்தால், நீங்கள் இருக்கும் அரை மணி நேரத்தில் வராத கோளாறு மற்ற நேரங்களில் வருகிறது என்று அர்த்தம்.

ஹவ்காங் கார்டை வாங்கினோம். எண்களைக் காட்டியதும் அவரே 60 வெள்ளி குறைத்துக்கொண்டார். மைத்துனர் தெர்மல் பேடையும் விசிறித் தொகுப்பையும் மாற்றினார். இப்போது அதே சோதனையில், ஏர்கான் இல்லாமல், நினைவகம் 90-ஐ ஒட்டி நிற்கிறது. தெர்மல் பேட் மாற்றுவதாக இருந்தால் உங்கள் மாடலுக்கு உரிய தடிமனை முன்பே உறுதிசெய்யுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராமல், அதுவரை நன்றாக இருந்த ஹாட் ஸ்பாட் எகிறிவிடும். ஸ்குரூடிரைவரைக் கையில் எடுக்கப் பிடிக்காதவர் என்றால் இப்படிப்பட்ட கார்டை விட்டுவிடுவதே மேல்.

"எம்ஆர்டி நிலையத்தில் சந்திப்போம், கையில் தருகிறேன்" என்பவரிடம் இவை எதையும் பார்க்க முடியாது, நான் அப்படி வாங்குவதில்லை. வீட்டில் காட்ட வசதியில்லாதவரிடம் வாங்குவதைவிட, சிம் லிம் ஸ்குவேர் மாதிரி இடத்தில் பழைய கார்டு விற்கும் கடையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். கடையில் வாங்கிய பொருள் பழையதாக இருந்தாலும் லெமன் சட்டத்துக்குள் வரும். தனி நபரிடம் வாங்கியதற்கு அது பொருந்தாது. கடையிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ரசீதில் கார்டின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.