பதில் அனுப்பாதவரின் இடத்தில் ஹெர்மிட் சீட்டு

"பத்து நாளாக அவரிடமிருந்து ரிப்ளை இல்லை. டாரோவில் அவர் இடத்தில் ஹெர்மிட் வந்திருக்கிறது. முடிந்துவிட்டதா?"

அப்படிப் படிக்க மாட்டேன். ரைடர்-வெயிட் டாரோ சீட்டுக்கட்டில் ஹெர்மிட் என்பது ஒரு துறவிக் கிழவர். அவர் பனிமலை உச்சியில் தனியாக நின்றாலும் விளக்கை அணைக்கவில்லை, உயர்த்திப் பிடித்திருக்கிறார், அதனால் இது ஒதுங்கியிருப்பதுதான். விட்டுப் போவதைச் சொல்ல எட்டுக் கோப்பை என்ற சீட்டு இருக்கிறது, அதில் ஆள் முதுகைக் காட்டி நடந்தே போகிறான்.

அப்புறம், கிழவர் பார்ப்பது நமக்கு இடப்பக்கம். உங்கள் சீட்டு அங்கே இருந்தால் முகம் உங்களை நோக்கி, யோசனையில் நீங்களும் இருக்கிறீர்கள் என்று படிக்கலாம். வலப்பக்கம் என்றால் அவருடைய சொந்தப் பிரச்சினை. கூடவே நான்கு வாள் சீட்டு வந்தால் வெறும் களைப்பு.

எப்போது பேசுவார் என்பது மட்டும் இதில் தெரியாது. அதற்காக மறுபடி மறுபடி சீட்டு எடுக்காதீர்கள், சரியா?