கடுமையான அலுவலகத்திலிருந்து விலகும் எழுத்தர், கசப்பில்லாத ராஜினாமாக் கடிதத்தை எப்படி எழுதுவது?

"ஈரோட்டில் ஒரு நூல் மொத்த வியாபார நிறுவனத்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகளாக பில்லிங் கிளார்க்காக இருக்கிறேன். முதலாளி எல்லோர் முன்னிலையிலும் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்வார். சண்டை போடாமல் விலக விரும்புகிறேன். கடிதத்தில் என்ன எழுதலாம்?"

தனியார் நிறுவனமொன்றின் பணியாளர் பிரிவில் இத்தகைய கடிதங்களை வாங்கிக் கோப்பில் சேர்க்கும் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ராஜினாமாக் கடிதத்தை முதலாளி ஒருமுறைதான் படிப்பார். அதன் பிறகு சம்பளக் கணக்கு முடிப்பவர், அனுபவச் சான்றிதழ் தட்டச்சு செய்பவர், தகராறு வந்தால் தொழிலாளர் துறை அலுவலர் ஆகியோரே அதைப் படிப்பார்கள். அவர்களுக்குத் தேவைப்படுபவை, நீங்கள் விலகுகிறீர்கள் என்ற தெளிவான அறிவிப்பு, கடைசி வேலை நாள், பொறுப்பை ஒப்படைக்கும் விதம், உங்களுக்குச் சேர வேண்டியவை ஆகிய நான்கு மட்டுமே. உங்கள் மனக்குறை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் இந்த நான்கில் எதையும் அது முன்னகர்த்தாது.

உங்கள் நியமன ஆணையில் 30 நாள் முன்னறிவிப்பு என்று இருப்பதாகவும், கடிதத்தை ஜூன் 1 அன்று நேரில் கொடுப்பதாகவும் வைத்துக்கொண்டு ஒரு மாதிரி எழுதித் தருகிறேன்.

"ஐயா, வணக்கம். தங்கள் நிறுவனத்தில் 2019 ஆகஸ்ட் முதல் பில்லிங் எழுத்தராகப் பணியாற்றிவரும் நான், இப்பணியிலிருந்து விலகுவதை இக்கடிதத்தின் வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறேன். நியமன ஆணையில் கண்ட 30 நாள் முன்னறிவிப்புக் காலம் 01.07.2026 அன்று நிறைவடைவதால், அந்நாளே என் கடைசி வேலை நாளாகும். அதற்குள் பில் புத்தகங்கள், சில்லறைச் செலவுக் கணக்கு, பீரோச் சாவி ஆகியவற்றைத் தாங்கள் குறிப்பிடுபவரிடம் எழுத்துமூலம் ஒப்படைப்பேன். சரக்கு வரவையும் வரிக் கணக்கையும் ஒத்துப்பார்க்கும் முறையை இங்கேதான் கற்றேன். அதற்கு என் நன்றி. பணிவிடுப்பு ஆணையும் அனுபவச் சான்றிதழும் வழங்கி, எனக்குச் சேர வேண்டிய சம்பளத்தையும் பணிக்கொடை உள்ளிட்ட பிற தொகைகளையும் கணக்கு முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, …"

இதில் காரணம் எதையும் நான் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். "சொந்தக் காரணங்களால்" என்று எழுதுவது வழக்கம்தான். ஆனால் வேலைச் சூழலே காரணமாக இருக்கும்போது அது உண்மையாகாது; நாளை நீங்கள் ஒரு புகார் கொடுக்க நேர்ந்தால், அந்தச் சொல்லையே எடுத்துக்காட்டி உங்களை மறுப்பார்கள். பாலியல் தொல்லை, அடி, சம்பள மோசடி போன்றவை நடந்திருந்தால் அவற்றைத் தனிப் புகாராக உரிய இடத்தில் கொடுங்கள். ராஜினாமாக் கடிதத்தில் கலக்காதீர்கள். காரணம் சொல்லாமல் விடுவது பொய்யும் ஆகாது, கசப்பும் ஆகாது.

நன்றி வரியைப் பற்றியும் கேட்பார்கள். "தங்கள் அன்பான வழிகாட்டுதலுக்கு" என்று நடக்காத ஒன்றை எழுத வேண்டாம். எழுதும் உங்களுக்கே அது உறுத்தும். அங்கே உண்மையாகவே கிடைத்த ஒன்று இருந்தால் அதை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள். எதுவும் தோன்றவில்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடலாம், கடிதம் குறைந்துபோகாது.

தவிர்க்க வேண்டிய வாக்கியங்கள் இரண்டு உண்டு. "உடனடியாக விடுவிக்கும்படி" என்று எழுதினால் அன்றே அனுப்பிவிட்டு, முன்னறிவிப்புக் காலச் சம்பளம் இல்லை என்று சொல்ல வழி கிடைக்கும். "எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்பதைப் பணம் கைக்கு வருமுன் எந்தத் தாளிலும் எழுதாதீர்கள். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு, சட்டப்படி பணிக்கொடை தர வேண்டிய நிறுவனமானால், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. உங்கள் சேவைக் காலத்துக்கு அது சிறிய தொகை அல்ல.

கடிதத்தை இரண்டு படிகளாக எடுத்துச் சென்று, ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியுடன் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். முன்னறிவிப்பு நாள்கள் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையுடன் அனுப்பி, அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

எழுத்தர்களுக்கு உண்மையான ஆபத்து கடிதத்தைவிட ஒப்படைப்பில்தான் இருக்கிறது. விலகிப்போன பிறகு "பெட்டியில் பணம் குறைந்தது", "பில் புத்தகம் ஒன்றைக் காணவில்லை" என்று சொல்லிக் கடைசிச் சம்பளத்தை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே கடைசி நாளன்று சில்லறைக் கையிருப்பை எதிரில் வைத்து எண்ணி, தொகையையும் பில் புத்தகங்களின் தொடக்க, இறுதி எண்களையும் ஒரு தாளில் எழுதி, பெறுபவரும் நீங்களும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றச் சொல்லிவிடுங்கள்.

வருங்கால வைப்பு நிதி பிடித்தம் இருந்தால், நீங்கள் விலகிய தேதியை நிறுவனம் வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் பதிய வேண்டும். அவர்கள் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே தம் கணக்கில் நுழைந்து பதிந்துகொள்ளும் வசதி உள்ளது. அங்கே இடும் தேதி கடிதத்தில் உள்ள தேதியோடு ஒத்திருக்கட்டும்.