நட்சத்திரம் விழாத எண்

டொக்டர், எனக்கு இப்ப 24 வாரம், முதல் பிள்ளை. போன கிழமை தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் குடுத்தேன். ரிப்போர்ட்டில் நிறைய நட்சத்திரக் குறி. ஈமோகுளோபின் 10.1, எம்.சி.வி. 76, அல்புமின் 3.1, கிரியேற்றினின் 0.4, எல்லாம் குறைவாம். வெள்ளணு 12,400, ஈ.எஸ்.ஆர். 46, ரெண்டும் கூடவாம். ஃபெரிட்டின் 11, அதுக்குக் குறி இல்லை. 9 ஆம் வாரத்தில் ஈமோகுளோபின் 12.2, எம்.சி.வி. 85 இருந்தது. கிளினிக்கில் தந்த குளிசை எல்லாத்தையும் ராச்சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணியோட ஒண்டா எடுக்கிறன். மாமி பீற்றூட் யூஸ் குடி, இரத்தம் ஊறும் எண்டு சொல்லுறா. பயமா இருக்கு. என்ன செய்ய வேணும்?
– வாசகி, கொக்குவில்

அந்த நட்சத்திரங்களைப் போட்டது ஆய்வுகூடத்தின் கணினி. அதனிடம் இருப்பது கர்ப்பம் இல்லாத பெண்ணுக்குரிய அளவுகள். நீங்கள் கர்ப்பிணி என்று படிவத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியிருந்தாலும் பல இடங்களில் அந்த அளவுகள் மாறுவதில்லை. அதனால் சாதாரணமான எண்களுக்குக் குறி விழுந்திருக்கிறது. கவனிக்கவேண்டிய எண் குறியே இல்லாமல் நிற்கிறது.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுவோம். கர்ப்பத்தில் வெள்ளணு 15,000 வரை போவது வழக்கம். காய்ச்சலோ சிறுநீர் எரிவோ இல்லாவிட்டால் 12,400 ஐப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. ஈ.எஸ்.ஆர். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஏறும். கர்ப்பத்தில் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லமுடியாது என்பதால் நான் அதை எழுதிக் கொடுப்பதே இல்லை. கிரியேற்றினின் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. அது 0.4 என்றால், உங்கள் சிறுநீரகம் வழமையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் வடிகட்டுகிறது. அது நல்ல செய்தி. அதே எண் 0.9 ஆக இருந்திருந்தால் குறி விழுந்திருக்காது, ஆனால் நான் கவலைப்பட்டிருப்பேன். அல்புமின் இரத்தத்தில் உள்ள புரதம், அது குறைந்தது இரத்தம் ஐதானதால். பிரஷரும் கூடி, சிறுநீரிலும் புரதம் போனால்தான் அதை வேறு கண்ணால் பார்ப்போம்.

இனி ஈமோகுளோபினுக்கு வருவோம். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 வீதம் வரை கூடுகிறது. செங்குருதிக் கலங்களும் கூடுகின்றன, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. சொதிக்குத் தண்ணீர் விட்டால் உப்பு மட்டாகத் தெரியும் அல்லவா? போட்ட உப்பு எங்கும் போகவில்லை. ஈமோகுளோபின் இறங்குவதில் ஒரு பங்கு இந்தக் கணக்குத்தான். அதனால்தான் நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை 12 என்ற கோட்டைப் பார்ப்பதில்லை, 10.5 ஐப் பார்க்கிறோம். உங்களுக்கு 10.1. கோட்டுக்குச் சற்றுக் கீழே.

இந்த இடத்தில் பலர், “தண்ணீர்தான் கூடியிருக்கு, பரவாயில்லை” என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் அப்படி விடமுடியாது. காரணம் எம்.சி.வி. அது ஒரு செங்குருதிக் கலத்தின் சராசரிப் பருமன். தண்ணீர் கூடினால் கலங்கள் ஐதாகப் பரவி நிற்குமே தவிர, ஒவ்வொரு கலமும் சிறுக்காது. 85 இலிருந்து 76 க்கு வந்திருக்கிறது என்றால், கலத்துக்குள் நிரப்ப ஈமோகுளோபின் போதவில்லை. ஈமோகுளோபினைச் செய்யத் தேவையான இரும்புச்சத்துக்குத் தட்டுப்பாடு.

அதை உறுதிப்படுத்துவது ஃபெரிட்டின். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது அது. உங்கள் ஆய்வுகூடம் 10 க்கு மேல் எல்லாம் சரி என்று வைத்திருக்கிறது போலும், 11 தப்பிவிட்டது. கர்ப்பத்தில் 30 க்குக் கீழே போனாலே இரும்புக் குறைபாடு என்று எடுத்துச் சிகிச்சை தொடங்குவோம். ஏறத்தாழக் கணக்குப் பார்த்தால், 11 என்பது உடம்பில் 100 மில்லிகிராம் அளவு கையிருப்பு. ஒரு முழுக் கர்ப்பத்துக்கு வேண்டியது 1,000 மில்லிகிராம் அளவு, அதில் பெரும்பகுதி இனிவரும் மாதங்களில்தான். பிள்ளை தனக்கு வேண்டியதை அனேகமாக எடுத்துக்கொள்ளும். கையிருப்பு இல்லாமல் பிரசவத்துக்குப் போகப்போவது நீங்கள். அங்கே இரத்தம் போனால் தாங்கும் பலம் குறைவாக இருக்கும்.

கலம் சிறுத்தால் தலசீமியாவோ என்றும் கேட்கவேண்டும். அந்தத் தன்மை பிறப்பிலேயே வருவது, அது இருந்தால் 9 ஆம் வாரத்திலேயே எம்.சி.வி. குறைந்திருக்கும். அப்போது 85 இருந்ததால் சந்தேகம் பெரிதாக இல்லை. பழைய ரிப்போர்ட்டை வைத்திருந்தீர்களே, அது இப்போது ஒரு சோதனையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

சரி, கிளினிக்கில் குளிசை தந்தும் ஏன் குறைந்தது? விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போட்டு, மேலே தேத்தண்ணியும் குடிக்கிறீர்கள். கல்சியமும் தேயிலைச் சாயமும் இரும்பைக் குடலில் உறிஞ்சவிடாமல் மறித்துவிடும். குளிசை உள்ளே போகிறது, பெரும்பகுதி அப்படியே வெளியே போகிறது.

நேரத்தை இப்படி மாற்றுங்கள். காலையில் எழும்பியதும் வெறும் வயிற்றில் இரும்புக் குளிசை, கூடவே கிளினிக்கில் தரும் விற்றமின் சி. அது இல்லாவிட்டால் அரைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீர். ஒரு மணித்தியாலம் கழித்துச் சாப்பாடு. கல்சியத்தை மதியச் சாப்பாட்டோடு எடுங்கள். காலைத் தேத்தண்ணியையும் பால்கோப்பியையும் இரும்பு போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழும்பினவுடன் தேத்தண்ணி இல்லாமல் நம் வீடுகளில் விடிவதில்லை. முடியாவிட்டால் இரும்பைப் படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளலாம், இராச்சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கவேண்டும். வயிற்றைப் பிரட்டினால் நிறுத்தவேண்டாம், இரண்டு பிஸ்கட்டோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்படவேண்டாம்.

குளிசை உறையில் எழுதியிருக்கும் மில்லிகிராமும் உள்ளே இருக்கும் இரும்பும் ஒன்றல்ல. 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேற்றில் 65 மில்லிகிராம் அளவுதான் இரும்பு. அதனால் ரிப்போர்ட்டைக் கிளினிக் டொக்டரிடம் காட்டி, இப்போதைய அளவு போதுமா என்று கேளுங்கள். நீங்களாகக் கூட்டவேண்டாம். பூச்சிக் குளிசை தந்தார்களா என்பதையும் உங்கள் மருத்துவமாதுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியின் பீற்றூட்டில் நிறம்தான் இரத்தம்போல, இரும்பு மிகக் குறைவு. குடிப்பதில் தீங்கில்லை, ஆனால் அதை நம்பி இருக்கவேண்டாம். மீன், இறைச்சி நன்றாகச் சேரும். மரக்கறிக்காரர் என்றால் முருங்கை இலை வறை, பயறு, அதன்மேல் தேசிக்காய். இவை துணைதான். இந்தக் குறையைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்பக் காலம் போதாது.

நாலு கிழமை இப்படிச் செய்துவிட்டு, அதே ஆய்வுகூடத்தில் ஈமோகுளோபினை மட்டும் திரும்பப் பாருங்கள். குறைந்தது 1 கிராம் கூடியிருக்கவேண்டும். 11 க்கு மேல் வந்தால் மாற்றிய நேரம் வேலை செய்கிறது, பிள்ளை பிறந்த பிறகும் ஆறு கிழமைக்காவது குளிசையைத் தொடருங்கள். அசையவில்லை என்றால் நாளத்தின் வழியாக இரும்பு ஏற்றலாம், அதை ஆஸ்பத்திரியில் செய்வோம். தலசீமியாச் சோதனையையும் அப்போது எடுப்போம். அதற்கிடையில் சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடவென்று அடித்தாலோ நாலு கிழமை பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அடுத்த முறை இரத்தம் கொடுக்கும்போது படிவத்தில் “கர்ப்பிணி, 28 வாரம்” என்று நீங்களே எழுதிவிடுங்கள்.