மூன்றாவது பர்மிஷனுக்கு என்ன காரணம் சொல்வது?

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 32 வயது. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். கல்யாணமாகி ஏழு வருடம். அடுத்த மாதம் வேலூரில் ஐ.வி.எஃப். ஆரம்பிக்கிறோம். போன வருடம் பரிசோதனைக்குப் போக, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு முறை பர்மிஷன் கேட்டேன். மூன்றாவது முறை மேனேஜர், "நேத்துதான் அவங்களை வாலாஜா மார்க்கெட்ல பார்த்தேனே" என்றார். கூனிப் போனேன். பக்கத்து சீட்டு அக்காக்கள் வேறு "விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் எப்படிச் சமாளிப்பது?

அன்புள்ள சகோதரி,

மாமியாரை இனி இதில் இழுக்காதீர்கள். பொய் சொல்ல வேண்டுமென்றால்கூட தேதி முன்பே தெரிய வேண்டும். இந்தச் சிகிச்சையில் அது தெரியாது. மாதவிலக்கான இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் முதல் ஸ்கேன். அப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி. நடுவில் இரண்டு மூன்று நாளுக்கொரு ஸ்கேன். முட்டை வளர்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அடுத்த தேதியைச் சொல்வார்கள். கடைசி ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டையை எடுப்பார்கள். அந்த நாளே இரண்டு நாள் முன்னால்தான் உறுதியாகும்.

அதனால் மேனேஜரிடம் முன்கூட்டியே உண்மையை, ஆனால் பாதியை மட்டும் சொல்லுங்கள்: "எனக்கு ஒரு சிகிச்சை நடக்கப் போகுது சார். பயப்பட ஒன்றுமில்லை. மூன்று வாரத்தில் நாலைந்து காலை தாமதமாக வருவேன், இரண்டு நாள் லீவும் வேண்டும். தேதி கடைசியில்தான் தெரியும். 11, 20 தேதி ஜி.எஸ்.டி. வேலையை முன்பே முடித்துவிடுகிறேன்." என்ன சிகிச்சை என்று கேட்டால், "சொந்த விஷயம் சார், டாக்டர் சர்டிஃபிகேட் தருகிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுபடி கேட்டாலும் அதே வாக்கியம்தான். புதிதாக ஒரு விவரம் சேர்த்தால் அதைப் பிடித்து இன்னொரு கேள்வி வரும்.

பலர் மாட்டிக்கொள்வது சர்டிஃபிகேட்டில்தான். உள்ளே "சிகிச்சையில் இருக்கிறார், ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதியிருக்கும். மேலே தலைப்பில் கருத்தரிப்பு மையம் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பிரிவின் பெயர் இல்லாத லெட்டர்ஹெட் உண்டா என்று முதல் நாளே மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்கேன் பில்லை அலுவலகத்தில் கொடுக்காதீர்கள்.

முட்டை எடுப்பது மயக்க மருந்து கொடுத்துத்தான். அன்றும் மறுநாளும் வேலைக்குப் போக வேண்டாம். வயிறு வேகமாக உப்புவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது இதில் எது இருந்தாலும் ரகசியத்தைப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இதற்காகவாவது அலுவலகத்தில் நம்பிக்கையான ஒருவருக்கு விஷயமும் உங்கள் கணவரின் எண்ணும் தெரிந்திருக்கட்டும்.

அக்காக்களுக்கு "இருந்தா சொல்றேன் அக்கா" போதும்.

கருவை வைத்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை இருக்கும். அன்றைக்கும் லீவு போடுங்கள். பதில் எதுவானாலும், அந்த போன் வரும்போது நீங்கள் உங்கள் வீட்டில், கணவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.